பதில் எழுதினால் யார் வாசிப்பார்?

கேள்வி: நாங்கள் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பனங்கட்டி, ஒடியல் மா, குட்டான் செய்யும் பெண்கள் குழு. ரொறன்ரோ, லண்டன் தமிழ்க் கடைகள் அறுபதுக்கு அறிமுக மெயில் அனுப்பினோம். மெயிலை அமைத்துத் தந்த தம்பி noreply@ என்ற முகவரியிலிருந்து அனுப்பினார். பதில்கள் குவிந்தால் பார்க்க ஆளில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம். கீழே போன் நம்பர் இருக்கிறது. ஒரு கடையும் பேசவில்லை. என்னுடைய ஜிமெயிலைப் பதில் முகவரியாகப் போடட்டுமா?
— குழுச் செயலாளர்

பதில்: ஒரு கடையும் பேசவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், தங்கச்சி? வேறொருவரின் போனில் அந்த மெயிலைத் திறந்து, Reply அழுத்தி, "விலை என்ன?" என்று எழுதி அனுப்பிப் பாருங்கள். அந்தப் பெயரில் அஞ்சல்பெட்டியே இல்லையென்றால் 550 5.1.1 என்ற எண்ணோடு, முகவரி கிடைக்கவில்லை என்று மெயில் திரும்பி வரும். விலை கேட்டு எழுதிய கடைக்காரருக்கும் அதுதான் வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு வெளிநாட்டு நம்பருக்குப் போன் எடுத்துக் கேட்பவர் குறைவு. ஒன்றும் திரும்பி வராவிட்டால் பெட்டி இருக்கிறது, யாரும் திறப்பதில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தம்பியிடம் கடவுச்சொல்லை வாங்கி உள்ளே பாருங்கள். ஸ்பாம் பக்கத்தையும் பாருங்கள்.

குவிந்துவிடும் என்ற பயம் வீண். போய்ச் சேராத மெயில்கள் திரும்பி வருவது Return-Path என்ற தனி முகவரிக்கு. மொத்தமாக அனுப்பும் சேவைகள் அதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். Reply-To என்ற பதில் முகவரிக்கு வருவது பெரும்பாலும் மனிதர் எழுதும் பதில்தான். இடையில் "விடுமுறையில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதில் ஓரிரண்டு வரலாம். அதையும் வாசித்துவிட்டு அழியுங்கள்; கொள்வனவைப் பார்ப்பவர் இப்போது வேறொருவர் என்று சில வேளை அதில்தான் இருக்கும்.

சரி, உங்கள் ஜிமெயில். போட்டால் பதில் வரும், ஆனால் நான் போடமாட்டேன். அனுப்புவது ஒரு முகவரி, பதில் போவது வேறொரு இலவச முகவரி என்பது மோசடிக்காரர் வழக்கமாகச் செய்வது; ஸ்பாம் வடிகட்டிகள் சில அதைக் கணக்கில் எடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் செயலாளர் பொறுப்பை விடும் நாளில் கடைகளின் கடிதங்களும் உங்கள் போனோடு போய்விடும். ஜிமெயிலை From என்ற அனுப்புநர் இடத்தில் போட்டு மொத்தச் சேவை வழியாக அனுப்புவதோ இன்னும் மோசம். அது ஜிமெயிலிலிருந்து போகாததால், அனுப்பியவர் உண்மையானவரா என்ற சோதனையில் தோற்று ஸ்பாமில் விழும்.

குழுவின் சொந்த டொமைனிலேயே ஒரு பெட்டி திறந்து, இரண்டு இடத்திலும் அதையே வையுங்கள். உங்கள் டொமைன் பெயரைப் போட்டால் இப்படி இருக்கும்:

```
From: "பனைக் குழு, கிளிநொச்சி" <panai@example.com>
Reply-To: panai@example.com
```

அந்தப் பெட்டியை இரண்டு பேரின் போனில் நேரடியாகத் திறந்து வையுங்கள். தனிப்பட்ட ஜிமெயிலுக்குத் திருப்பிவிட வேண்டாம். திருப்பிவிட்ட மெயில் ஸ்பாமில் விழக்கூடும். நீங்கள் எழுதும் பதிலும் கடைக்காரருக்குத் தெரியாத பெயரில் போகும்.

நாள் முழுக்க ஒருவர் காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணிநேரம் பின்னால். அங்கே காலை பதினொரு மணிக்கு எழுதியது இங்கே இரவு எட்டரைக்கு வரும். மறுநாள் காலை ஏழு மணிக்கு, தேநீரோடு இருந்து பதில் எழுதினால் அங்கே அதே நாள் இரவு ஒன்பதரைதான். கடைக்காரருக்கு அன்றைக்கே பதில் கிடைத்த கணக்கு. குளிர்காலத்தில் ஒரு மணிநேரம் கூடும், அவ்வளவுதான். விலை உடனே சொல்ல முடியாவிட்டால் "கிடைத்தது, வெள்ளிக்கிழமை விலைப்பட்டியல் அனுப்புகிறோம்" என்றாவது எழுதிவிடுங்கள்.

"வேண்டாம்" என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கே பட்டியலிலிருந்து பெயரை வெட்டுங்கள். கனடாச் சட்டம் பத்து வேலைநாள் தருகிறது. மெயிலில் கொடுக்கும் தொடர்பு விபரம் அனுப்பிய பிறகு 60 நாளாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பதிலாகச் சொல்ல வழியில்லாதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார், அது உங்கள் அடுத்த மெயில்களையும் பாதிக்கும்.

அறுபது கடைக்கும் மறுபடி அனுப்பாதீர்கள். பழைய பெட்டியில் கிடைத்தவர்களுக்கு முதலில், "உங்கள் கடிதம் பார்க்காத பெட்டிக்குப் போய்விட்டது, மன்னியுங்கள்" என்று தனித்தனியே எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பிறகு எழுதும்போது கடைசி வரியில் "இந்த மெயிலுக்கே பதில் எழுதலாம், தமிழிலும் எழுதலாம்" என்று சேர்த்து, கீழே பதில் எழுதப்போகும் பெண்ணின் பெயரைப் போடுங்கள்.