நியாசினால் முகம் சிவந்தால்தான் கொலஸ்ட்ரால் குறையுமா?

"கொலஸ்ட்ராலுக்காக நியாசின் 500 மி.கி. மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகமெல்லாம் தீப்பிடித்ததுபோல் ஆகிவிட்டது. பயந்துபோய் 'நோ ஃப்ளஷ்' என்று எழுதியிருந்த புட்டிக்கு மாறினேன். மூன்று மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை, கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவும் அசையவில்லை. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா?"

அப்படி அர்த்தம் இல்லை. ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. உங்களை எரியவைத்த புட்டியில் இருந்தது ஒரு பொருள், இப்போது வைத்திருப்பதில் இருப்பது வேறு பொருள். இரண்டின் மேலும் நியாசின் என்று அச்சிட்டிருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. ஆனால் இந்த மருந்தை மாத்திரைத் தட்டில் எண்ணிக் கொடுத்தவன் மட்டுமல்ல, மருத்துவர் எழுதிக் கொடுத்து 2009 முதல் இரண்டு ஆண்டுகள் விழுங்கியவனும்கூட. முதல் நாள் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு சூடாகத் தேநீரும் குடித்தேன். இரண்டுமே தவறு என்று பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இருபதாவது நிமிடத்தில் காது மடல்களில் தொடங்கியது. பிறகு கன்னம், கழுத்து, மார்பு. வெயிலில் வெந்த தோலில் யாரோ கம்பளியால் தேய்ப்பதுபோல ஓர் அரிப்பு. கண்ணாடியில் பார்த்தால் சட்டையின் கழுத்துப்பட்டைக்கு மேலே முழுவதும் செக்கச்செவேல். ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. உங்களுக்கு நடந்ததும் இதுதான். மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், மயக்கம் ஆகியவை இதில் சேர்த்தி இல்லை. அவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். உண்மையான நியாசின் என்பது நிகோடினிக் அமிலம்தான். அது இரத்தத்தில் வேகமாக ஏறும்போது, தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை உணர்ந்து புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அது தோலின் சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடும் சிவப்பும் அதன் விளைவு. புராஸ்டாகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கும் என்பதால்தான், நியாசினுக்கு அரை மணி நேரம் முன்பு ஆஸ்பிரின் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதற்காக நீங்களாக ஆஸ்பிரினைத் தொடங்க வேண்டாம், வயிற்றில் இரத்தக் கசிவு முகச் சிவப்பைவிட மோசமானது. மருந்தைத் தினமும் தவறாமல் எடுத்தால் சில வாரங்களில் எரிச்சல் தானாகவே தணிந்துவிடும். நடுவில் சில நாள் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினால் பழையபடி முகத்தில் நெருப்பு மூளும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் வேலையோ தோலில் நடப்பதல்ல, முக்கியமாகக் கல்லீரலில் நடப்பது. இரண்டும் தனித்தனி என்பதற்குக் கைமேல் சான்று உண்டு. லாரோபிப்ரன்ட் என்ற மருந்து அந்தப் புராஸ்டாகிளாண்டின் தோலின் இரத்தக் குழாயில் போய் ஒட்டுமிடத்தை அடைத்துவிடும். அதை நியாசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது சிவப்பு வெகுவாகக் குறைந்தது, கொழுப்பு அளவுகளில் ஏற்படும் மாற்றம் மட்டும் அப்படியே நின்றது. ஆகவே உங்கள் முகச் சிவப்பு சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: நிகோடினிக் அமிலம் இரத்தத்தில் சட்டென்று ஏறியிருக்கிறது. கல்லீரலில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

இப்போது உங்கள் இரண்டாவது புட்டிக்கு வருவோம். முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலும் இனோசிடால் ஹெக்ஸாநிகோடினேட் என்று இருக்கும். ஓர் இனோசிடால் மூலக்கூறில் ஆறு நிகோடினிக் அமிலங்களைக் கோத்த பொருள் அது. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிகோடினிக் அமிலம்தான், ஆகையால் கணக்குப் பார்த்தால் பிரமாதமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோவை உடலுக்குள் மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் அவிழ்கிறது. இரத்தத்தில் ஏறும் நிகோடினிக் அமிலம் மிகச் சொற்பம். தோலும் அதைக் கண்டுகொள்வதில்லை, கல்லீரலும் கண்டுகொள்வதில்லை. பட்டியலில் நிகோடினமைடு அல்லது நியாசினமைடு என்று இருந்தாலும் முடிவு அதேதான். பி3 வைட்டமின் குறைபாட்டுக்கு அது நல்ல மருந்து, கொலஸ்ட்ராலை மட்டும் தொடவே தொடாது. மூன்று மாதம் உங்கள் எல்.டி.எல். அசையாமல் இருந்ததில் வியப்பே இல்லை.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. நீங்கள் அடுத்து அதற்குத்தான் மாறுவீர்கள் என்று ஊகித்தே இதை நீட்டி எழுதுகிறேன். மருந்துச் சீட்டு இல்லாமல் துணை உணவாக விற்கப்படும், மெல்ல மெல்லக் கரையும் நியாசின். இதில் இருப்பது உண்மையான நிகோடினிக் அமிலம், கொலஸ்ட்ராலும் குறையும், எரிச்சலும் அவ்வளவாக இராது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கல்லீரலில் நியாசினைக் கையாள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று குறுகலானது, சிறிய அளவு வந்தாலும் பிடித்துக்கொள்வது, ஆனால் அதன் வழியே உருவாகும் பொருள்கள் கல்லீரலுக்கு ஆகாதவை. மற்றது அகலமானது, சிவப்போடு தொடர்புடையது. சாதாரண மாத்திரை ஒரே வீச்சில் வந்து விழும்போது குறுகல் வழி உடனே நிரம்பிவிட, மீதியெல்லாம் அகல வழியே போகிறது. முகம் சிவக்கிறது, கல்லீரல் தப்பிக்கிறது. மெல்லக் கரையும் மாத்திரையோ மணிக்கணக்காகச் சொட்டிக்கொண்டே இருப்பதால் பெரும்பகுதி குறுகல் வழியிலேயே போகிறது. முகத்தில் விழ வேண்டிய அடி கல்லீரலில் விழுகிறது.

1994-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் சாதாரண வகையை 23 பேருக்கும் மெல்லக் கரையும் வகையை 23 பேருக்கும் கொடுத்து, அளவைப் படிப்படியாக நாளொன்றுக்கு 3 கிராம் வரை கூட்டிப் பார்த்தார்கள். மெல்லக் கரையும் வகையை எடுத்தவர்களில் 12 பேருக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டன. சாதாரண வகையில் ஒருவருக்கும் இல்லை. அதனால்தான் ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு அதே மில்லிகிராம் கணக்கில் தாவக் கூடாது என்று அடித்துச் சொல்கிறோம். மருத்துவர் எழுதித் தரும் நீட்டித்த வெளியீட்டு மாத்திரை இவை இரண்டுக்கும் நடுவே நிற்பது, இரவு படுக்கும்போது சிற்றுண்டியுடன் எடுப்பது. அதைக் கடித்தோ உடைத்தோ விழுங்கினால் மெதுவாகக் கரைவதற்கான அமைப்பே கெட்டுப்போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பசியின்மை, குமட்டல், அடர்நிறச் சிறுநீர் ஆகியவற்றோடு கொலஸ்ட்ராலும் திடீரென்று சரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கொலஸ்ட்ரால் தயாரிக்கும் கல்லீரலே சோர்ந்துபோயிருக்கலாம்.

சரி, உண்மையான நிகோடினிக் அமிலத்தைச் சரியான அளவில் எடுத்தால் என்ன ஆகும்? என் அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தொடங்கும்போது எல்.டி.எல். 162, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 240. மருத்துவர் மேற்பார்வையில் அளவைக் கூட்டி நாளொன்றுக்கு 1500 மி.கி.யில் நின்று, நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது எல்.டி.எல். 141, எச்.டி.எல். 43, ட்ரைகிளிசரைடு 165. நல்ல கொழுப்பு 9 புள்ளி ஏறிவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். அதே தாளின் அடுத்த பக்கத்தை மட்டும் காட்டவில்லை. சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை 98-லிருந்து 112, யூரிக் அமிலம் 6.1-லிருந்து 7.8. இரண்டும் நியாசினின் அறிந்த பக்க விளைவுகள். நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்களும் கவுட் மூட்டுவலி உள்ளவர்களும் இதிலிருந்து விலகியிருக்கச் சொல்வது இதனால்தான்.

எண்கள் இப்படி அழகாக மாறுவது 1955 முதலே தெரிந்த சங்கதி. மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களிடம் நடந்து 1975-ல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலும், உயிர் பறிக்காத மாரடைப்புகள் நியாசினால் குறைந்திருந்தன. ஆனால் அது, இன்று கொலஸ்ட்ராலைக் குறைக்க முதலில் எழுதப்படும் ஸ்டாட்டின் மருந்துகள் வராத காலம். ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மேற்கொண்டு நியாசினும் தந்தால் கூடுதல் பலன் உண்டா என்பதுதான் பின்னாளில் எழுந்த கேள்வி. எய்ம்-ஹை என்ற ஆய்வில் 3,414 பேரிடம் அதைச் சோதித்தார்கள். எச்.டி.எல். என்னைப்போலவே 35-லிருந்து 42-க்கு ஏறியது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையோ நியாசின் எடுத்தவர்களில் 16.4 சதவீதம், எடுக்காதவர்களில் 16.2 சதவீதம். பலன் தெரியாததால் 2011-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்தச் செய்தி வந்த மாதமே என் மருத்துவர் என் நியாசினையும் நிறுத்திவிட்டு ஸ்டாட்டின் எழுதினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம், அந்த 43 மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்தேன். அடுத்த பரிசோதனையில் எல்.டி.எல். 84.

அதன் பிறகு, 25,673 பேரைக் கொண்ட எச்.பி.எஸ்.2-த்ரைவ் ஆய்வின் முழு முடிவு 2014-ல் வெளியாயிற்று. முன்பு சொன்ன லாரோபிப்ரன்டைச் சேர்த்து 2 கிராம் நியாசின் கொடுத்த ஆய்வு அது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் 13.2 சதவீதம், நியாசின் எடுக்காதவர்களில் 13.7 சதவீதம். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான். ஆனால் புதிதாக நீரிழிவு வந்தவர்கள், தொற்று நோய்க்கு ஆளானவர்கள், இரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள் நியாசின் பக்கம் தெளிவாகவே அதிகம். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நீட்டித்த வெளியீட்டு நியாசினை ஸ்டாட்டினுடன் சேர்த்துத் தருவதற்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்றது.

எச்.டி.எல். ஏறினால் இதயம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று அன்று எல்லோரும் நம்பினோம். எச்.டி.எல். குறைவாக இருப்பது ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம், அதற்காக மருந்தால் எண்ணை ஏற்றிவிட்டால் ஆபத்து விலகிவிடும் என்று ஆகாது.

உங்கள் கையில் இருக்கும் புட்டி இனோசிடால் வகை என்றால் நிறுத்துவதால் எதையும் இழக்கப் போவதில்லை. எரியவைத்த பழைய புட்டிக்கும் நீங்களாகத் திரும்ப வேண்டாம், பெரியவர் ஒருவரின் ஒரு நாள் வைட்டமின் தேவை 14 முதல் 16 மி.கி.தான், அந்த ஒரு மாத்திரை அதைப்போல முப்பது மடங்கு. எல்.டி.எல். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அறிக்கையோடு மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு புட்டிகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர் என்றாலும் எஸெடிமைப் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. நடுவில் மெல்லக் கரையும் வகை எதையாவது சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, கொழுப்புப் பரிசோதனையோடு கல்லீரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.