ஏர் பிரையரில் ஒரு ஈட்டுக்கு எவ்வளவு போடலாம்?

எங்கள் ஏர் பிரையர் 4 லிட்டர். அரை கிலோ எலும்பில்லாத கோழியில் சிக்கன் 65 செய்ய, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். நிறம் வரவில்லை, அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டுமோ?

வைத்தால் மேலே இருக்கும் துண்டுகள் காய்ந்து நார்நாராகிவிடும், அடியில் இருப்பவை அப்படியே வெளுத்துத்தான் கிடக்கும். லிட்டர் கணக்கு கூடையின் கொள்ளளவைத்தான் சொல்கிறது. நமக்கு வேண்டியது அடித்தட்டின் பரப்பு. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் நடுவே சூடான காற்று போகாது. கோழியும் தயிரும் விடுகிற நீர் ஆவியாகி அங்கேயே சுற்றும். அப்புறம் அது பொரிவதில்லை, அவிகிறது.

அடுத்த முறை அரை கிலோவை இரண்டு ஈடாகப் பிரியுங்கள். மசாலாவில் வடிகிற நீரைக் கூடைக்குள் விடாமல், துண்டுகளை ஒரே அடுக்காக, இடையே சுண்டுவிரல் நுழையும் அளவு இடம் விட்டு வையுங்கள். 180 டிகிரியில் 12 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். பெரிய துண்டு ஒன்றைப் பிய்த்து, நடுவில் இளஞ்சிவப்பு இல்லையென்று பார்த்துவிட்டு எடுங்கள். இரண்டாம் ஈட்டுக்கான பச்சைக் கோழி அதுவரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். கூடை ஏற்கெனவே சூடாக இருப்பதால் அந்த ஈடு ஓரிரு நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும். பத்தாவது நிமிடத்திலேயே திறந்து பாருங்கள்.

இரண்டாவது ஈடு வருவதற்குள் முதலாவது ஆறிப்போகிறதே? ஹாட்பாக்ஸில் வைக்கலாமா?

வேண்டாம், மூடி வைத்தால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். கம்பித் தட்டில் திறந்து வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கூடையில் போட்டு, 200 டிகிரியில் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். வெந்த துண்டுகள் அவ்வளவாக நீர் விடாது என்பதால் இப்போது குவித்துப் போட்டாலும் பரவாயில்லை.

உருளைக்கிழங்கு ஃபிரைஸுக்கும் ஒரே அடுக்குதானா?

அவ்வளவு கறார் வேண்டாம். குலுக்கினால் புரளக்கூடிய எதையும் கூடையின் பாதி உயரம் வரை போடலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கினால் போதும். வெட்டிய கிழங்கை நீரில் அலசி, துணியில் ஒற்றியெடுத்த பிறகு எண்ணெய் புரட்டுங்கள். கட்லெட்டை இப்படிக் குலுக்க முடியாது, உடைந்துவிடும். 20 சென்டிமீட்டர் சதுரக் கூடையில் 5 சென்டிமீட்டர் கட்லெட் ஒன்பது வைக்கலாம். பத்தாவதை இடுக்கில் செருகினால் அதைச் சுற்றியுள்ள நாலும் கெடும்.

அடியில் பட்டர் பேப்பர் விரிக்கலாமா?

முழுவதும் விரித்தால் அடியிலுள்ள ஓட்டைகள் அடைபட்டு, கீழ்ப்பக்கம் வெளுத்துவிடும். ஓட்டை போட்ட தாளாக வாங்குங்கள். உணவு வைக்காமல் வெறும் தாளோடு மட்டும் சூடேற்றாதீர்கள், காற்றில் பறந்து மேலேயுள்ள கம்பிச்சுருளில் பட்டுக் கருகும்.