உடன் வேலை செய்தவருக்கு லிங்க்ட்இன் பரிந்துரை: கேள்வி பதில்

ஆம்பூர் பக்கம் ஷூ ஏற்றுமதி கம்பெனிகளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவள் நான். வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி சூபர்வைசர்: மேடம், எங்க குவாலிட்டி இன்சார்ஜ் வேற கம்பெனிக்குப் போறார். லிங்க்ட்இன்ல ஒரு ரெக்கமண்டேஷன் எழுதித் தரச் சொன்னார். "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லாரோடவும் ஒத்துப்போவார்"னு எழுதி வச்சிருக்கேன். பேரை மாத்தினா யாருக்கு வேணும்னாலும் பொருந்துது. எப்படிச் சரி பண்றது?

அந்த வரியைத் திருத்தப் பார்க்காதீர்கள், அழித்துவிடுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அவர் இல்லாமல் போயிருந்தால் உங்கள் லைனில் எது கெட்டுப் போயிருக்கும்? புகழ்ச்சி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அவரே மறுபடி: போன மழைக்காலத்துல ஒரு மாடல்ல மட்டும் முன்பக்கம் சோல் பிரிஞ்சு வந்துச்சு மேடம். பசைதான் மோசம், சப்ளையரைக் கூப்பிடுங்கன்னு லைன்ல எல்லாரும் சொன்னோம். அவர் மட்டும் பிரிஞ்ச ஜோடியை எல்லாம் எடுத்து வச்சு, பேட்ச் சீட்டைப் பார்த்து எது எந்த நேரத்துல ஓடினதுன்னு பிரிச்சார். அதுல முக்கால்வாசி ஜோடி, சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் முதல்ல ஒட்டினது. பெல் அடிச்சதும் பசை தடவினதை ரேக்குலயே விட்டுட்டுப் போயிடுவோம், அது அளவுக்கு மேல காய்ஞ்சிடும். பெல்லுக்கு முன்னாடி எத்தனை ஜோடிக்குப் பசை தடவினாலும், அதை ஒட்டி பிரஸ்ல அழுத்தி முடிச்சுட்டுத்தான் கையைக் கழுவணும்னு மாத்தினார். அப்புறம் அந்த ஆர்டர் முடியறவரைக்கும் என் லைன்ல அதுக்காக ஒரு ஜோடியும் ரீவொர்க்குக்குத் திரும்பல.

பரிந்துரையை நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். நான் செய்வது வரிசைப்படுத்துவது மட்டும்:

"ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் சோல் ஒட்டும் லைனுக்கு நான் சூபர்வைசர், இவர் தரப் பிரிவுப் பொறுப்பாளர். அவர் எனக்கு மேலதிகாரி இல்லை, நானும் அவருக்கு இல்லை. தினமும் ஒரே லைனில் நின்றோம். ஒரு மாடலில் முன்பக்கம் சோல் பிரிந்தபோது நாங்கள் எல்லோரும் பசையைச் சந்தேகப்பட்டோம். இவர் பிரிந்த ஜோடிகளை ஓடிய நேரப்படி பிரித்துப் பார்த்து, உணவு இடைவேளையில் ரேக்கில் கிடந்தவைதான் பிரிகின்றன என்று காட்டினார். இடைவேளைக்கு முன் பசை தடவிய ஜோடிகளை எல்லாம் ஒட்டி பிரஸ்ஸில் அழுத்தி முடித்த பிறகுதான் கையைக் கழுவ வேண்டும் என்று மாற்றினார். அந்த ஆர்டர் முடியும்வரை என் லைனில் அந்தக் காரணத்துக்காக ஒரு ஜோடியும் ரீவொர்க்குக்குத் திரும்பவில்லை. அவருடைய லேப் வேலையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. லைனில் பிரச்சினை வந்தால் ஆளைக் குறை சொல்வதற்கு முன் காரணத்தைத் தேடுகிறவர் வேண்டும் என்றால், இவரை எடுங்கள்."

கடைசிக்கு முந்தின வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். எடுக்காதீர்கள். ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறவர் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று நீங்களே கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு உள்ளே இருப்பதை அவர் நம்புவார்.

உங்களுக்கு என்ன லாபம் என்றால், இதில் உங்களைப் பற்றி ஒரு பெருமையும் இல்லை. ஆனாலும் பசை காய்கிற நேரம் சோலை எப்படிப் பாதிக்கும் என்று புரிந்தவர், தன் லைனில் நடந்த தவறை மறைக்காதவர் என்று படிப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்துவிடுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தவை உங்கள் பக்கத்திலும் `Given` என்ற தலைப்பில் நிற்கும். நாளைக்கு உங்களை எடுக்க நினைப்பவர் அதைத் திறந்து பார்ப்பார். அங்கே பத்துப் பேருக்கும் "கடின உழைப்பாளி" என்று இருந்தால், அந்தப் பத்துப் பேரை விட உங்களுக்குத்தான் நஷ்டம்.

போடும் வழி சுலபம். அவர் உங்கள் தொடர்பில் இருக்க வேண்டும். அவர் பக்கத்தில் `More` அழுத்தினால் `Recommend` வரும். என்ன உறவில் வேலை செய்தீர்கள், அப்போது என்ன பதவி என்று கேட்கும். அதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் அது உங்கள் பெயருக்குக் கீழேயே தெரியும். அங்கே "மேலதிகாரியாக இருந்தேன்" என்று போட்டுவிட்டு உள்ளே "ஒன்றாக நின்றோம்" என்று எழுதினால் இடிக்கும். 3000 எழுத்து வரை இடம் தருவார்கள், அதை நிரப்ப வேண்டியதில்லை. நீளமானால் பாதி மடங்கிக் கிடக்கும், அதனால் பசை விஷயம் மேலேயே வந்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் போடுவதானால் இதே மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாகப் போடுங்கள். பெரிய சொல் தேடப் போனீர்கள் என்றால் மறுபடி "கடின உழைப்பாளி"யில்தான் வந்து நிற்பீர்கள்.

வாலாஜாபேட்டை, மெர்ச்சண்டைசர்: நம்பர் இருந்தாத்தான் நம்புவாங்க மேடம். நான் என் ஃப்ரெண்டுக்கு "ரிஜெக்‌ஷனை 40 சதவீதம் குறைத்தார்"னு போட்டேன், பையர் பேரோட. அது சரிதானே?

பாதி சரி. நம்பருக்கு எடை உண்டு, அது எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால். எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிட்டீர்கள்? ஒரு மாடலிலா, மொத்தக் கம்பெனியிலா? இந்தக் கேள்விகள் உங்களிடம் வராது, இன்டர்வியூவில் உங்கள் நண்பரிடம் போகும். அவர் தடுமாறினால் அந்த வரி அவருக்கே எதிராகத் திரும்பிவிடும்.

பையர் பெயரை இன்றைக்கே எடுங்கள். ரிஜெக்‌ஷன் கணக்கு கம்பெனியுடையது, பையரின் பெயரோடு சேர்த்து வெளியே வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. மெர்ச்சண்டைசராக இருந்துகொண்டு இதைச் செய்தால், இவரிடம் விலைப் பட்டியலை நம்பிக் கொடுக்கலாமா என்று படிப்பவர் யோசிப்பார். மேலே சூபர்வைசருக்கு எழுதியதில் எண்ணே இல்லை, "என் லைனில், அந்தக் காரணத்துக்காக, அந்த ஆர்டர் முடியும்வரை" என்றுதான் இருக்கிறது. அவர் கண்ணால் பார்த்த அளவு அது.

காட்பாடி, ஐ.டி.: கூட வேலை செஞ்ச பையன் அவனே முழுசா டைப் பண்ணி அனுப்பி, "மச்சான், அப்படியே பேஸ்ட் பண்ணிடு"ங்கறான். முடியாதுன்னா கோவிச்சுப்பான்.

முடியாது என்று சொல்ல வேண்டாம், அவர் அனுப்பியதை வைத்தே எழுதுங்கள். அதில் நீங்கள் நேரில் பார்க்காத ஒவ்வொரு வரியையும் அடித்துவிடுங்கள். "தொலைநோக்குத் தலைமை" போய்விடும். "சர்வர் மாற்றிய அன்று ராத்திரி, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்" நிற்கும், அதுவும் அன்றைக்கு நீங்கள் ஷிஃப்டில் இருந்திருந்தால். மிச்சம் இருப்பதை உங்கள் நடையில் எழுதுங்கள்.

அவர் அதே டிராஃப்டைச் சில வார்த்தை மாற்றி இன்னும் மூன்று பேருக்கு அனுப்பியிருப்பார், அது வழக்கம்தான். ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கிறவருக்கு நாலும் ஒரே கை என்று உடனே தெரிந்துவிடும். நீங்கள் போட்டது பிடிக்கவில்லையென்றால் திருத்தித் தரச் சொல்லி அவர் கேட்கலாம், காட்டாமலும் விடலாம். அது அவர் இஷ்டம்.

வேலூர், ஸ்டாஃப் நர்ஸ்: அக்கா, எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க யு.கே. போறாங்க. ரெஃபரன்ஸ் கேட்டிருக்காங்களாம். நான் லிங்க்ட்இன்ல எழுதிட்டா போதுமா?

போதாதும்மா, அது வேறு. வேலை தருகிற இடம் ரெஃபரன்ஸ் கேட்டால் வார்டு இன்சார்ஜிடமோ ஹெச்.ஆரிடமோதான் போகும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவி என்று ஆபீஸ் ஆவணத்தைப் பார்த்து நிரப்ப வேண்டியது அது. யார் பெயரைக் கொடுக்க வேண்டும் என்று ரெஃபரன்ஸ் கேட்கிற இடத்திலேயே அவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

லிங்க்ட்இன்னில் தனியாக எழுத ஆசைப்பட்டால் எழுதுங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. வயது, ஊர், அபூர்வமான நோய் எல்லாம் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். நோயாளியைத் தொடாமல் வேலையை மட்டும் சொல்லலாம்: "இரவு டியூட்டி முடிந்து இவர் ஒப்படைக்கும் குறிப்பில் 'வலிக்கு மருந்து கொடுத்தேன்' என்பதோடு நிற்காது. அரை மணி கழித்து வலி குறைந்ததா என்று கேட்டதும் எழுதியிருக்கும்." வார்டில் வேலை பார்த்தவர்தான் இதை எழுத முடியும் என்று எந்த நர்ஸுக்கும் புரியும்.

குடியாத்தம், கன்சல்டன்சி: நாங்க தினம் ரெஸ்யூமே பார்க்கறவங்க. உண்மையைச் சொல்லணும்னா ரெக்கமண்டேஷனை எவனும் படிக்கறதில்ல. எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

முதல் வடிகட்டலில் யாரும் படிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். முந்நூறு ரெஸ்யூமேயை முப்பதாக்கும்போது நானும் படித்ததில்லை. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சி, இருவரும் சமமாக நிற்கும்போது திறந்திருக்கிறேன். வந்தவற்றை விட அந்த ஆள் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவற்றையே அதிகம் பார்ப்பேன். சூபர்வைசர் வேலைக்கு வருகிறவர் தன்னோடு இருந்தவர்களின் வேலையைக் கவனித்திருக்கிறாரா என்பது அதில் தெரியும். உங்கள் கன்சல்டன்சியில் ஒரே நாளில் ஐம்பது பேரை அனுப்ப வேண்டியிருந்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, அங்கே நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

ஆற்காடு: நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறேன்னு பண்ணிக்கலாமா?

தேதி பக்கத்திலேயே தெரியும். இரண்டும் ஒரே வாரம் என்றால் யாருக்கும் புரிந்துவிடும். இருவருக்கும் சொல்ல உண்மையாகவே ஏதாவது இருந்தால் தப்பில்லை, வேறு வேறு வேலையைப் பற்றி, கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதுங்கள்.

வாணியம்பாடி: ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு நல்லாவே எழுதினேன் மேடம். இப்ப அவர் பணத் தகராறுல வெளிய போயிட்டார்னு பேச்சு. என் பேரு அங்க இருக்கு. எடுத்துடலாமா?

எடுக்க முடியும். நீங்கள் எழுதியதை `Given` பகுதியிலிருந்தே திருத்தலாம், நீக்கலாம். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று முதலில் படித்துப் பாருங்கள். "நேர்மைக்கு மறுபெயர்" என்று இருந்தால், பேச்சு உண்மையோ பொய்யோ, அந்த வரியை எடுங்கள். அது அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்த விஷயம் இல்லை. "கட்டிங் செக்‌ஷனில் தோல் வீணாவதைக் குறைக்க இப்படி ஒன்று செய்தார்" என்று இருந்தால், அது அன்றும் நடந்தது, இன்றும் நடந்ததுதான்.

அதையும் சேர்த்து எடுத்துவிடு என்று என் பழைய சகா ஒருவர் சொல்கிறார், பெயர் கெட்டவர் பக்கத்தில் நம் பெயர் எதற்கு என்பது அவர் வாதம். வெறும் பேச்சை நம்பி எடுத்தால், அந்தப் பேச்சுக்கு நாமும் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமே என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதென்றால், எடுப்பதற்கு முன் ஒரு போன் போட்டு என்ன நடந்தது என்று கேட்டுவிடுங்கள்.