பசுமை ஃபண்டுக்கு மாறினால் ஓய்வூதியம் குறையுமா?

கேள்வி: என் வயது 37. சம்பளத்தில் பிடிக்கும் பணம் எங்கள் நிறுவனத்தின் ஓய்வூதிய நிதியில் பொது ஃபண்டுக்குப் போகிறது. நிலக்கரி, எண்ணெய், புகையிலை, ஆயுதம் எதுவும் இல்லாத ‘பசுமை’ ஃபண்டுக்கு விருப்பப்பட்டால் மாறலாம் என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள். எனக்கு மாற ஆசைதான். ஆனால் கூட வேலை செய்பவர், “இதற்கெல்லாம் கடைசியில் நீதான் விலை கொடுப்பாய்” என்கிறார். முப்பது வருஷத்தில் உண்மையில் எவ்வளவு குறையும்?

பதில்: கடைசிச் சம்பளத்தையும் பணிக்காலத்தையும் வைத்து ஓய்வூதியத்தைக் கணக்கிடும் திட்டங்களில், முதலீடு நன்றாகப் போனாலும் மோசமாகப் போனாலும் உறுப்பினரின் தொகை பொதுவாக மாறாது. எந்த ஃபண்ட் வேண்டும் என்று உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வதால், உங்களுடையது அந்த வகை இல்லை. உங்கள் கணக்கில் சேரும் லாபமும் நஷ்டமும் உங்களுடையதே. ஆகவே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு துறையை விலக்குவதால் வருமானம் எவ்வளவு மாறும் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. மொத்த முதலீட்டில் அந்தத் துறையின் பங்கு எவ்வளவு என்பது ஒன்று. மற்ற முதலீடுகளைவிட அந்தத் துறை எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ சம்பாதிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் விடை கிடைக்கும். பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணை மட்டும் பார்க்கிறார்கள்.

முதல் எண் பலர் நினைப்பதைவிடச் சிறியது. நெதர்லாந்தின் மிகப் பெரிய ஓய்வூதிய நிதியான ஏ.பி.பி., எண்ணெய், எரிவாயு, நிலக்கரி உற்பத்தி நிறுவனங்களிலிருந்து வெளியேறப் போவதாக 2021ல் அறிவித்தது. விற்க வேண்டியிருந்தது 1,500 கோடி யூரோவுக்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் அது அந்த நிதியின் சொத்தில் சுமார் 3 சதவீதம்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். கணக்கில் இப்போது 10 லட்சம் இருக்கிறது, பொது ஃபண்ட் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எதுவும் போடாவிட்டாலும் 30 ஆண்டில் அது 57.4 லட்சம் ஆகும். விலக்கப்படும் துறைகள் மொத்தத்தில் 4 சதவீதம் என்றும், அவை மற்றவற்றைவிட ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளிகள் அதிகமாகச் சம்பாதிக்கின்றன என்றும் கொள்வோம். அதுவும் ஏதோ ஓரிரு ஆண்டு இல்லை, முப்பது ஆண்டும் விடாமல். பசுமை ஃபண்டுக்கு வேண்டுமென்றே பாதகமாக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. அப்படியும் உங்கள் வருமானம் ஆண்டுக்கு 0.08 சதவீதப் புள்ளிதான் குறையும். கடைசியில் கையில் வருவது 56.1 லட்சம். சுமார் 1.3 லட்சம் குறைவு. துறைகள் அதே அளவு பின்தங்கினால், ஏறக்குறைய அதே தொகை உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது துறைகளை விட்டுவிட்டுக் கட்டணத்தை மட்டும் பாருங்கள். பசுமை ஃபண்டின் ஆண்டுக் கட்டணம் பொது ஃபண்டைவிட 0.4 சதவீதம் அதிகம் என்றால், அதே 10 லட்சம் 51.3 லட்சத்தில் நின்றுவிடும். குறைவது 6 லட்சத்துக்கு மேல். துறைகள் ஏறுமா இறங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, கட்டணமோ ஒவ்வொரு ஆண்டும் நிச்சயமாகக் கழியும். நல்ல எண்ணத்தோடு மாறியவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் பசுமை ஃபண்ட் ஒன்றுக்குப் பொது ஃபண்டைவிட அதிகக் கட்டணம் கேட்டால், அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன வேலை நடக்கிறது என்று நிதி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விலக்கியதால் உண்மையிலேயே நஷ்டப்பட்ட நிதி உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா அரசு ஊழியர்களுக்கான கால்பெர்ஸ், புகையிலைப் பங்குகளை விற்பதென்று 2000ல் முடிவெடுத்தது. அதன் பிறகு அந்தப் பங்குகள் நன்றாக ஏறின. 2014 வரையில் கைவிட்டுப் போன லாபம் சுமார் 300 கோடி டாலர் என்று அந்த நிதியின் ஆலோசகர்களே கணக்கிட்டார்கள். பெரிய தொகைதான். ஆனால் அந்த நிதியின் அளவோ சுமார் 30,000 கோடி டாலர். பதினான்கு ஆண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்குத் தோராயமாக 0.07 சதவீதம் வருகிறது. மேலே நாம் போட்ட கணக்குக்கு மிக அருகில். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே, 2016ல் அதன் நிர்வாகக் குழு புகையிலை வேண்டாம் என்ற முடிவைத் தொடர்ந்ததோடு, வெளி மேலாளர்களிடம் இருந்த முதலீடுகளுக்கும் அதை விரிவாக்கியது.

புகையிலை ஏன் அப்படி ஏறியது என்பது முக்கியம், ஏனென்றால் அதே காரணம் எண்ணெய்க்கும் பொருந்தலாம். பலர் ஒரு பங்கை வாங்க மறுத்தால் அதன் விலை தாழ்ந்தே இருக்கும். நிறுவனத்தின் லாபம் குறையாதவரை, மலிவாக வாங்கியவருக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் ஈவுத்தொகை அதிகம். ஹாங், காஸ்பர்சிக் என்ற இரு பொருளியலாளர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வில் மது, புகையிலை, சூதாட்டப் பங்குகளில் இந்தப் போக்கைக் காட்டினார்கள். நார்வே அரசின் உலக ஓய்வூதிய நிதியும் இதைத் தொடர்ந்து அளந்து வருகிறது. தயாரிக்கும் பொருளுக்காக, அதாவது புகையிலை, சிலவகை ஆயுதம் போன்றவற்றுக்காக விலக்கியது அதன் வருமானத்தைச் சற்றுக் குறைத்திருக்கிறது. ஊழல், மோசமான சுற்றுச்சூழல் சேதம் என்று நடத்தைக்காக விலக்கியதோ வருமானத்தைச் சற்றுக் கூட்டியிருக்கிறது. எனக்கு இது மிகவும் பயனுள்ள பாடமாகப் படுகிறது: ‘நெறிசார்ந்த முதலீடு’ என்று மொத்தமாகப் பேசினால் எதிரெதிராக இழுக்கும் இரண்டு விளைவுகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

பருவநிலை விஷயத்தில் இன்னொரு விசையும் சேர்கிறது. ஒரு நிறுவனத்தின் ஆபத்தைச் சந்தை இன்னும் சரியாக விலையில் சேர்க்கவில்லை என்றால், அதைத் தவிர்த்தவருக்கு லாபம். அமெரிக்க நிலக்கரி நிறுவனமான பீபாடி 2016ல் திவால் பாதுகாப்புக் கேட்டது. எரிவாயு மலிவானதும் கடன் சுமையும் நிலக்கரித் தேவை சரிந்ததும் சேர்ந்து, பழைய பங்குகளின் மதிப்பைத் துடைத்துவிட்டன. ஆனால் ஆபத்து எல்லாருக்கும் தெரிந்து விலையில் ஏறிவிட்ட பிறகு, அதைத் தவிர்ப்பதால் தனி லாபம் கிடையாது. அதனால்தான் “கடந்த பத்தாண்டில் பசுமை ஃபண்ட் முந்தியது” என்ற விளம்பரத்தை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. மக்கள் திரண்டு வாங்கும்போது விலை ஏறும், பழைய வருமானம் அழகாகத் தெரியும். அதே ஏறிய விலையில் இன்று நுழைபவருக்கு இனிமேல் கிடைப்பது குறையக்கூடும். தவிர, எண்ணெய் இருந்த இடத்தில் பல பசுமை ஃபண்டுகள் தொழில்நுட்பப் பங்குகளை வைத்திருந்தன. முந்தியதில் ஒரு பகுதி அதனால் வந்தது.

நீண்ட காலத்தில் வித்தியாசம் சிறியது என்றால், தனித்தனி ஆண்டுகளிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் எரிசக்தித் துறை 2020ல் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, அந்த ஆண்டு மொத்தக் குறியீடு 18 சதவீதம் ஏறியது. 2022ல் அப்படியே தலைகீழ்: ஈவுத்தொகையோடு சேர்த்து அந்தத் துறை 60 சதவீதத்துக்கு மேல் ஏற, குறியீடு 18 சதவீதம் இறங்கியது. 2022ன் தொடக்கத்தில் அந்தக் குறியீட்டில் எரிசக்தித் துறையின் பங்கு 3 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், அதை முழுக்க விலக்கிய ஃபண்ட் சுமார் 2 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இறங்கியிருக்கும். இப்படி ஓர் ஆண்டில் பயந்து பொது ஃபண்டுக்குத் திரும்பி, அடுத்த நல்ல ஆண்டில் மறுபடி மாறுபவர்தான் உண்மையில் அடிபடுகிறார். 2022 போன்ற ஆண்டு இனியும் வரும். அப்போது அசையாமல் இருக்க முடியும் என்றால் மட்டும் மாறுங்கள்.

சரி, உங்கள் நிதி தரும் அந்தக் குறிப்பிட்ட ஃபண்டில் எதைப் பார்க்க வேண்டும்? பெயரை விட்டுவிட்டு விலக்கும் வரம்பைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘பாரிஸ் ஒப்பந்தத்துக்கு இசைந்த’ குறியீடுகளில், வருவாயில் 1 சதவீதம் நிலக்கரியிலிருந்தோ 10 சதவீதம் எண்ணெயிலிருந்தோ வந்தாலே நிறுவனம் வெளியே. நார்வே நிதி நிலக்கரிக்கு 2016 முதல் வைத்திருக்கும் அடிப்படை வரம்பு 30 சதவீதம். இரண்டும் ‘நிலக்கரியைத் தவிர்க்கிறோம்’ என்றுதான் சொல்லும். அப்புறம் முதல் பத்துப் பங்குகளின் பட்டியலைப் பொது ஃபண்டின் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அச்சு அசல் ஒன்றே, கட்டணம் மட்டும் கூடுதல் என்றால் மாறுவதில் அர்த்தமில்லை.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. பல நிதிகளின் பொது ஃபண்ட், ஓய்வு நெருங்க நெருங்கப் பங்குகளைக் குறைத்துக் கடன் பத்திரங்களுக்குத் தானாகவே பணத்தை நகர்த்தும். நாமாகத் தேர்ந்தெடுக்கும் பசுமை ஃபண்டில் பல இடங்களில் இந்த ஏற்பாடு இருப்பதில்லை. 65 வயதிலும் முழுப் பணமும் பங்குகளிலேயே கிடக்கும். பங்குச்சந்தை 30 சதவீதம் விழும் ஓர் ஆண்டு உங்கள் கடைசி ஆண்டாக அமைந்துவிட்டால், முப்பது ஆண்டு உங்கள் ஃபண்ட் எண்ணெய்ப் பங்குகளை வைத்திருந்ததா இல்லையா என்ற கேள்வியே அற்பமாகிவிடும். அதனால் மாறும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேளுங்கள்: தானாக மாறும் ஏற்பாடு இந்த ஃபண்டிலும் உண்டா? இல்லை என்றால், ஓய்வுக்குப் பத்தாண்டு முன்பிருந்து ஆண்டுக்கொரு முறை ஒரு பகுதியைப் பத்திர ஃபண்டுக்கு நீங்களே மாற்ற வேண்டியிருக்கும். உங்களுக்கு அது 57 வயதில் தொடங்கும்.