கடல்நீர் குடிநீராக: ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட்

சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றின் இயக்கப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

மின்கட்டணம்தான் கழுத்தை நெரிக்கிறது என்கிறார்களே, அவ்வளவு மின்சாரம் எங்கே போகிறது?

உப்பிலிருந்து நீரைப் பிரிக்கும் அழுத்தத்துக்குத்தான் பெரும்பகுதி போகிறது. உப்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பைச் சவ்வூடு அழுத்தம் என்பார்கள். கடல்நீரில் அதுவே சுமார் 27 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம்போல் 27 மடங்கு. அதைத் தாண்டினால்தான் மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக நல்ல தண்ணீர் கசியவே தொடங்கும். நல்ல நீர் வெளியேற வெளியேற மிச்சம் கரிக்கும், எதிர்ப்பும் ஏறும். அதனால் 60 பாருக்குக் குறையாமல் தள்ளுவோம்.

உள்ளே போகும் 100 லிட்டரில் 40 லிட்டர்தான் குடிநீராகும். மீதி 60 லிட்டர் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு வெளியே வரும். அதை அப்படியே கடலில் விட்டால் காசைக் கொட்டுவது போல. நடுவில் சுழலும் பீங்கான் உருளை ஒன்று அந்த அழுத்தத்தைப் புதிதாக வரும் கடல்நீருக்கு மாற்றிவிடும். இது இல்லாவிட்டால் அழுத்தும் பம்புக்கு மட்டும் ஆயிரம் லிட்டருக்கு நாலரை யூனிட்டுக்கு மேல் ஆகும். இருப்பதால் அது பாதிக்கும் கீழே போகிறது. கடலிலிருந்து இழுப்பது, வடிகட்டுவது, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து மூன்று, மூன்றரை யூனிட். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய, தினமும் 10 கோடி லிட்டர் தரும் நிலையம் போன்ற ஒன்றுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு பக்கெட் பிடித்தால் மூன்று பக்கெட் வீணாகிறது. அதைச் செடிக்கு ஊற்றலாமா?

அம்மா, நீங்கள் வேறு ஆர்.ஓ.வைப் பற்றிக் கேட்கிறீர்கள்! உங்கள் கிணற்று நீரின் உப்பு கடலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வீடு துடைக்க, பாத்ரூம் கழுவத் தாராளமாக எடுங்கள். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு தங்கிவிடும்.

கழிவு உப்புநீரைக் கடலில் விடுவானேன்? தூத்துக்குடி மாதிரி பாத்தி கட்டினால் உப்பும் கிடைக்குமே?

பாதி சரி. சின்ன நிலையத்துக்குச் சரிப்படும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கோடி லிட்டர் குடிநீருக்கு 15 கோடி லிட்டர் கழிவு, அதாவது 1,50,000 கனமீட்டர். நல்ல வெயிலில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்றாலும் 30 சதுர கிலோமீட்டர் பாத்தி வேண்டும். உப்பு ஏற ஏற ஆவியாவது மந்தமாகும். ஐப்பசி, கார்த்திகை மழை வேறு.

அப்போ மீனுக்கு ஒன்றும் ஆகாது என்கிறீர்களா? நாங்கள் வலை போடுவது அந்தக் குழாய்ப் பக்கம்தான்.

அப்படிச் சொல்ல மாட்டேன். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடலில் 58 கிராம் உப்புள்ள நீர் விழுகிறது. கனமானது, மிதக்காது, அடித்தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். நண்டும் சிப்பியும் இருப்பது அங்கேதான். குழாயின் முனையில் சிறு வாய்களை வைத்து மேல்நோக்கிப் பீய்ச்சினால் சில பத்து மீட்டருக்குள் கலந்துவிடும். நேரே கரையில் கொட்டினால் கலக்காது. எனவே மேல்தண்ணீரை மொண்டு பார்த்து ‘உப்பு சாதாரணம்’ என்று எழுதினால் நம்பாதீர்கள், தரையை ஒட்டி அளக்கச் சொல்லுங்கள். உங்கள் மீன்பாடு குறைந்ததற்கு இதுதான் காரணமா என்று, நிலையம் வருமுன் எடுத்த அளவு கையில் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஓடுமே, ஏரிகளை மறந்துவிடலாமா?

மழைக்கும் இது முரண்டு பிடிக்கும். ஒரு வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கி வந்தது. மெம்பரேனுக்குப் போகும் நீரை நுண்துளைத் தாளில் விட்டுச் சோதிப்போம். அரை லிட்டர் இறங்க முதலில் 20 வினாடி, கால் மணி கழித்து 80 வினாடி ஆனது. தாள் டீ வடிகட்டி நிறத்தில் இருந்தது. தாள் எவ்வளவு வேகமாக அடைபடுகிறது என்று காட்டும் சேறு குறியீடு 5 என்று அர்த்தம், அதற்குமேல் விட்டால் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டோம்.

மழை வருடங்களில் அணைத்து வைப்பதும் சும்மா வராது. சிட்னி நிலையம் 2010-இல் தொடங்கி, 2012-இல் மூடி, 2019-இல்தான் மறுபடி ஓடியது. ஓடாத காலத்திலும் கட்டணம் ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, உங்களிடம் பணத்தைக் கொடுத்தால் எதில் போடுவீர்கள்?

சாக்கடை நீரைச் சுத்திகரிப்பதில். அதிலுள்ள உப்பு லிட்டருக்கு ஓரிரு கிராம்தான், ஆர்.ஓ. வைத்தாலும் அழுத்தம் 10, 15 பார் போதும். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் ஒரு யூனிட். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் இப்படித் தயாராகி ஆலைகளுக்குப் போகிறது. அவை விட்டுக்கொடுக்கும் நல்ல தண்ணீர் நமக்கு. வீராணம் ஏரி நீர் சென்னைக்கு 235 கிலோமீட்டர் குழாயில் வருகிறது, அது காவிரியை நம்பி. 2019-இல் சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரியும் வறண்டபோது கடல்நீர் கைகொடுத்தது உண்மை, அதனால் ஒன்றிரண்டு நிலையம் வேண்டும்தான். நெம்மேலி பக்கத்துப் பேரூரில் தினமும் 40 கோடி லிட்டருக்குப் புதிய கடல்நீர் நிலையம் கட்டும் முன் குழாய்க் கசிவை அடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பழைய சக அலுவலர் ஒருவர் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார், “கசிவை அடைக்க ஊரையே தோண்டணும் சார்” என்பார்.