விடைத்தாள் மட்டும் போதாது, சகோதரி

"பிளஸ் டூ இயற்பியலில் என் மகனுக்கு எதிர்பார்த்த மார்க் வரவில்லை. விடைத்தாள் ஸ்கேன் காப்பி வாங்கி, தெரிந்த ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'மார்க் போட்டுச் சொல்லுங்க சார்' என்றேன். வினாத்தாளும் விடைக்குறிப்பும் கேட்கிறார். இருபது வருஷம் பாடம் எடுத்தவருக்கு அது எதற்கு?"
— ஒரு வாசகி, தேனி

சகோதரி, அவர் கேட்டது சரிதான். விடை தெரியாமல் கேட்கவில்லை, எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று தெரியத்தான் கேட்கிறார்.

ஒரு 3 மார்க் கணக்கைப் பாருங்கள். 5 µF மின்தேக்கியை 200 வோல்ட்டுக்கு மின்னேற்றினால் அதில் சேரும் ஆற்றல் என்ன? பையன் U = ½CV² என்று எழுதி, எண்களைச் சரியாகப் போட்டு, கடைசியில் 0.1 ஜூல் என்பதற்குப் பதிலாக 0.01 ஜூல் என்று எழுதிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் 1, பிரதியிடல் 1, விடை 1 என்று குறிப்பு இருந்தால் அவனுக்கு 2. விடையின் ஒரு மார்க்கில் அலகுக்குத் தனியாக அரை ஒதுக்கியிருந்தால் 2½. சூத்திரம் 1, இறுதி விடை 2 என்றிருந்தால் வெறும் 1. விடைத்தாள் ஒன்றுதான், தப்பும் ஒன்றுதான், ஆனால் குறிப்புக்குக் குறிப்பு மூன்று விதமான மார்க் வருகிறது.

நானே ஒருமுறை குறிப்பு பார்க்காமல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் 5 மார்க் வருவித்தலுக்கு முழு மார்க் உண்டு என்று சொல்லிவிட்டேன். வரிகள் அத்தனையும் சரி. ஆனால் அந்தக் குறிப்பில் படத்துக்கென்று 1 மார்க் இருந்தது, அவள் படம் போடவில்லை. என் பேச்சை நம்பி மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினார்கள், மார்க் மாறவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

வினாத்தாளும் அதே அளவு முக்கியம். 2 மார்க் பகுதியில் ஒன்பதில் ஆறு எழுத வேண்டும், அதில் 24-வது வினா கட்டாயம். அதை விட்டுவிட்டு வேறு ஆறு எழுதியிருந்தால் ஐந்துக்குத்தான் மார்க் கிடைக்கும். 3 மார்க் பகுதியில் 33-வது வினாவும் அப்படியே. விடைத்தாளில் வினா எண் மட்டும்தானே இருக்கும்?

குறிப்பு இல்லாமலே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. உள்பக்கங்களில் ஒவ்வொரு விடைக்கும் போட்ட மார்க்கைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள், முகப்பில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். கூட்டலில் மட்டும் பிசகு என்றால் மறுகூட்டல் போதும். விடைக்குத் தந்த மார்க்கிலேயே சந்தேகம் என்றால்தான் மறுமதிப்பீடு.

அப்புறம், எல்லாப் பக்கத்தையும் வரிசையாக, ஓரம் வெட்டாமல், ஒரே பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். பென்சிலில் போட்ட படம் ஸ்கேனில் மங்கித் தெரிந்தால், எந்தப் பக்கம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள், அதனால் வினாத்தாளையும் குறிப்பையும் இன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.