டீசல்-எலெக்ட்ரிக் கப்பல்: இழப்பு இருந்தும் ஏன்?

“என்ஜினை நேராக புரொப்பெல்லரோடு இணைத்தால் போதாதா? சொகுசுக் கப்பலும் கடல்பணிக் கப்பலும் நடுவில் ஏன் ஜெனரேட்டர், மோட்டார் வைக்கின்றன?”

மின்சாரமாக மாற்றுவதில் சுமார் 10% சக்தி வீணாவது உண்மைதான். வாரக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும் சரக்குக் கப்பலுக்கு நேரடி இணைப்பே லாபம்.

ஆனால் எண்ணெய்க் கிணற்று மேடை அருகே காற்றையும் அலையையும் எதிர்த்து அசையாமல் நிற்க வேண்டிய கப்பலைப் பாருங்கள். தலா 2,000 கிலோவாட்டில் நான்கு ஜெனரேட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். விரைந்து போக 6,000 கிலோவாட் தேவை. நான்கும் 75% சுமையில் ஓடும். நிற்கும்போது 1,400 போதும், அதனால் இரண்டை அணைத்துவிடலாம். மீதி இரண்டும் 35% சுமையில் ஓடும். நேரடி இணைப்பில், அதே மொத்தத் திறனுள்ள பெரிய என்ஜின்கள் 20%-க்கும் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். எரிபொருள் வீண், கரியும் படியும்.

ஒன்றே போதுமே என்று தோன்றும். அது நின்றால் கப்பல் மேடையில் மோதக்கூடும், அதனால் இரண்டு. சரி, 35%-மும் குறைவுதான். அதற்காகவே இப்போது பேட்டரி சேர்க்கிறார்கள்: ஓடும் ஒன்று நின்றாலும் அது கைகொடுக்கும், இரண்டாவது ஜெனரேட்டர் ஓட வேண்டியதில்லை.

சொகுசுக் கப்பலில் கதை எளிது: ஏசி, சமையலறை, விளக்குகளுக்கே பல மெகாவாட் வேண்டும். துறைமுகத்தில் அதைத் தரும் ஜெனரேட்டர்களே இரவில் கப்பலையும் ஓட்டுகின்றன.